அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

"ஹி டோல்ட் தட் ஐ ஆம் கமிங் டுமாரோ."

சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஊழியர் ஒருவர் மேலாளரிடம் இப்படிச் சொன்னால் எந்தக் குழப்பமும் வராது. 'நாளைக்கு வர்றேன்னு அவர் சொன்னார்' என்பதைத்தான் இவர் ஆங்கிலத்தில் சொல்கிறார் என்று தமிழ் தெரிந்த மேலாளர் புரிந்துகொள்வார். இதே வாக்கியத்தை லண்டனில் இருக்கும் ஒருவர் தொலைபேசியில் கேட்டால் கதையே வேறு. அந்த ஊழியரே நாளைக்கு எங்கோ வரப்போகிறார், அதை வேறு யாரோ சொல்லியிருக்கிறார் என்றுதான் அவர் காதில் விழும். பேச்சு போன வாரம் நடந்தது என்றால் குழப்பம் இன்னும் கூடும். 'டுமாரோ' என்பதை அவர் இன்றிலிருந்து கணக்கிட்டு, நாளை காலை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இலக்கணம் தெரியாததால் மட்டும் வருகிற தவறு இல்லை இது. பள்ளியில் 'டைரக்ட் ஸ்பீச்', 'இன்டைரக்ட் ஸ்பீச்' அட்டவணையை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவர்களும் பேசும்போது இங்கே சறுக்குகிறார்கள். பிறர் பேச்சைத் திருப்பிச் சொல்வதில் தமிழுக்கு ஒரு கணக்கு, ஆங்கிலத்துக்கு வேறொரு கணக்கு. அந்த அடிப்படை வித்தியாசத்தை யாரும் சொல்லித்தராமல் அட்டவணையை மட்டும் கையில் கொடுத்துவிடுகிறோம்.

தமிழின் கணக்கை முதலில் பார்க்கலாம். அன்றாடப் பேச்சில் நாம் பெரும்பாலும் 'என்று' என்ற ஒரே சொல்லை வைத்துச் சமாளித்துவிடுகிறோம். மற்றவர் சொன்னதை அப்படியே எடுத்து, பின்னால் 'என்று சொன்னார்' எனச் சேர்த்தால் வேலை முடிந்தது. 'நான் நாளைக்கு வருவேன் என்று சொன்னார்' என்பதில் உள்ள 'நான்' யார் என்று எந்தத் தமிழரும் கேட்பதில்லை.

தமிழ்ப் பாடநூல்கள் இதை நேர்க்கூற்று என்கின்றன. இதையே அயற்கூற்றாக மாற்றினால் 'தான் மறுநாள் வருவதாகச் சொன்னார்' என்று வரும். 'நான்' போய்த் 'தான்' வந்துவிட்டது. 'நாளை' போய் 'மறுநாள்' வந்துவிட்டது. ஆனால் வினையைக் கவனியுங்கள். 'வருவதாக' என்பதில் எதிர்காலம் அப்படியே இருக்கிறது. அந்தப் பேச்சு நடந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும், அந்த ஆள் வந்துபோய்விட்டாலும், 'வருவதாகச் சொன்னார்' என்றுதான் சொல்வோம். அவர் சொன்ன நேரத்திலிருந்து பார்த்தால் வருகை எதிர்காலம். தமிழ் வினை அந்த நேரத்திலேயே நின்று காலத்தைக் கணக்கிடுகிறது.

ஆங்கில வினை அங்கே நிற்பதில்லை. அது திருப்பிச் சொல்பவரோடு வந்துவிடுகிறது. முதலில் பேசியவர் எங்கே, எப்போது, யாரிடம் பேசினார் என்பதைவிட, இப்போது சொல்பவர் எங்கே, எப்போது, யாரிடம் சொல்கிறார் என்பதே அதற்கு முக்கியம். இப்போதிருந்து பார்த்தால் அந்தப் பேச்சு பழைய சங்கதி. அதனால் அதற்குள் இருக்கும் 'இஸ்' 'வாஸ்' ஆகிறது, 'வில்' 'வுட்' ஆகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன், 1924-ல் வெளியான 'தி ஃபிலாசஃபி ஆஃப் கிராமர்' நூலில் இந்தப் பின்னகர்வை 'பேக்-ஷிஃப்டிங்' என்று குறிப்பிட்டார். இன்றைய ஆங்கில இலக்கண நூல்களும் 'பேக்ஷிஃப்ட்' என்றே சொல்கின்றன.

ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்துக்கொண்டு இதை நாள்வாரியாகப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

திங்கட்கிழமை காலை 10 மணி. மதுரையிலிருந்து ஒரு பெண் வாடிக்கையாளர் சென்னை அலுவலகத்துக்கு போன் செய்கிறார். வரவேற்பு மேசையில் இருக்கும் ஊழியரிடம் அவர் சொல்வது இது: "ஐ ஆம் இன் மதுரை டுடே. ஐ மிஸ்டு மை ட்ரெயின் யெஸ்டர்டே. ஐ வில் கம் டு யுவர் ஆபீஸ் டுமாரோ. ப்ளீஸ் கீப் மை ஃபைல் தேர்." இன்று மதுரையில் இருக்கிறேன், நேற்று ரயிலைத் தவறவிட்டேன், நாளை உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன், என் ஃபைலை அங்கேயே வைத்திருங்கள். அவ்வளவுதான் செய்தி.

ஒரு மணி நேரம் கழித்து மேலாளர் உள்ளே வருகிறார். ஊழியர் இப்படிச் சொல்லலாம்: "ஷி செட் ஷி இஸ் இன் மதுரை டுடே. ஷி மிஸ்டு ஹெர் ட்ரெயின் யெஸ்டர்டே. ஷி வில் கம் டு அவர் ஆபீஸ் டுமாரோ. ஷி ஆஸ்க்டு மீ டு கீப் ஹெர் ஃபைல் ஹியர்." பள்ளி அட்டவணையோடு ஒப்பிட்டால் இதில் பாதி தவறு. உண்மையில் எல்லாமே சரி. அந்தப் பெண் இன்னும் மதுரையில்தான் இருக்கிறார், நாள் மாறவில்லை, அவருடைய 'நாளை'தான் இவர்களுக்கும் நாளை. வினையையும் நாளையும் மாற்ற வேண்டிய அவசியமே எழவில்லை.

மாறியவை ஆட்களும் இடமும்தான். 'ஐ' 'ஷி' ஆனது. 'யுவர் ஆபீஸ்' என்பது 'அவர் ஆபீஸ்', அதாவது நம் அலுவலகம் ஆனது. 'தேர்' என்று அவர் சொன்னது 'ஹியர்' ஆகிவிட்டது. பள்ளியில் 'ஹியர்' வந்தால் 'தேர்' என்று மாற்று எனப் படித்திருப்போம். இங்கே நேர் எதிராக நடந்திருக்கிறது. மதுரையிலிருந்து பார்த்தால் அலுவலகம் 'அங்கே'. ஊழியர் அந்த அலுவலகத்துக்குள்ளேயே நிற்பதால் அவருக்கு 'இங்கே'.

செவ்வாய்க்கிழமை. மதியம் ஆகியும் அந்தப் பெண் வரவில்லை. மேலாளர் கேட்கிறார். இப்போது ஊழியர் சொல்ல வேண்டியது: "ஷி செட் ஷி வுட் கம் டுடே." 'டுமாரோ' 'டுடே' ஆகிவிட்டது. எந்த அட்டவணையிலும் இந்த மாற்றம் இருக்காது. நாட்காட்டியைப் பார்த்தால் மட்டும் புரியும். 'வுட்' ஏன் வந்தது? வருவாரா மாட்டாரா என்பது இப்போது ஊழியருக்குத் தெரியாது. 'வுட்' என்று சொன்னால் பொறுப்பு அந்தப் பெண்ணின் பேச்சோடு நின்றுவிடும்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. ஆள் வரவே இல்லை. மேலாளர் ஃபைலைப் புரட்டியபடி என்னதான் சொன்னார் என்று மறுபடியும் கேட்கிறார். இப்போதுதான் பள்ளி அட்டவணை முழுதாக வேலைக்கு வருகிறது: "ஆன் மண்டே ஷி செட் ஷி வாஸ் இன் மதுரை தட் டே. ஷி செட் ஷி ஹாட் மிஸ்டு ஹெர் ட்ரெயின் த டே பிஃபோர், அண்ட் தட் ஷி வுட் கம் டு அவர் ஆபீஸ் த நெக்ஸ்ட் டே." இந்த இடத்தில் 'ஷி செட் ஷி வில் கம் டுமாரோ' என்று ஊழியர் சொல்லிவிட்டால், மேலாளர் வெள்ளிக்கிழமைக்கு நேரம் ஒதுக்கி வைப்பார். உண்மையில் அந்த 'நாளை' செவ்வாய்க்கிழமையோடு போய்விட்டது.

வியாழக்கிழமையும் ஃபைல் விஷயத்தில் 'ஹியர்' மாறாது, ஊழியர் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தோழியிடம் இதே கதையைச் சொன்னால் 'ஷி ஆஸ்க்டு மீ டு கீப் ஹெர் ஃபைல் தேர்' என்பார். ஒரே அழைப்பு, ஒரே ஊழியர். நாளும் இடமும் மாற மாற வாக்கியமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

வினை எவ்வளவு தூரம் பின்னால் போகும்? ஒரு படிதான். நிகழ்காலம் இறந்தகாலமாகும், இறந்தகாலமும் 'ஹாஸ் கான்' போன்ற வடிவங்களும் 'ஹாட்' சேர்ந்த வடிவமாகும். 'ஹாட்' ஏற்கெனவே இருந்தால் அதற்குப் பின்னால் போக இடமில்லை, அப்படியே நிற்கும். துணைவினைகளில் 'வில்' 'வுட்' ஆகும், 'கேன்' 'குட்' ஆகும், 'மே' 'மைட்' ஆகும். 'வுட்', 'குட்', 'மைட்', 'ஷுட்' ஆகியவை மாறுவதில்லை. 'மஸ்ட்' அப்படியே நிற்கலாம். கட்டாயத்தைக் குறிக்கும்போது 'ஹாட் டு' என்றும் மாறலாம்.

பேச்சு வழக்கில் இந்த ஒரு படியைக்கூட எல்லா இடத்திலும் எடுப்பதில்லை. 'ஷி செட் ஷி மிஸ்டு ஹெர் ட்ரெயின்' என்று 'ஹாட்' இல்லாமல் சொல்வது ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே சாதாரணம். ரயிலைத் தவறவிட்டது பேச்சுக்கு முன்புதான் நடந்திருக்க முடியும் என்பது சொல்லாமலே விளங்குவதால், 'ஹாட்' வந்து புதிதாக விளக்க வேண்டியது எதுவும் இல்லை. எது முன், எது பின் என்பதில் சந்தேகம் வரும் இடத்தில்தான் அது தேவைப்படும்.

சொன்னது இன்றைக்கும் உண்மையாக இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் ஆங்கிலம் திருப்பிச் சொல்பவருக்குக் கொஞ்சம் சுதந்திரம் தருகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். மகள் அதைச் சித்தியிடம் சொல்லும்போது 'த டாக்டர் செட் அப்பா ஹாஸ் டயபடீஸ்' என்றும் சொல்லலாம், 'ஹாட் டயபடீஸ்' என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. 'ஹாட்' என்று கேட்டவுடன் 'அப்படியானால் இப்போது குணமாகிவிட்டதா?' என்று நம்மவர்கள் பதறுவதுண்டு. அப்படிப் பொருள் இல்லை. 'செட்' என்ற இறந்தகாலத்தோடு ஒத்துப்போக அந்த வினையும் பின்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் 'ஹாஸ்' என்று வைத்துக்கொள்ளும்போது சொல்பவர் அந்தத் தகவலுக்குத் தானும் கொஞ்சம் பொறுப்பேற்கிறார். இன்றும் அது உண்மை என்று அவர் ஏற்றுக்கொள்கிறார். ஒரு பொறியாளர் திங்கட்கிழமை 'த பிரிட்ஜ் இஸ் சேஃப்' என்று சொல்லி, செவ்வாய்க்கிழமை பாலம் இடிந்து விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை நாளிதழில் 'த இன்ஜினியர் செட் த பிரிட்ஜ் வாஸ் சேஃப்' என்றுதான் எழுத முடியும். 'இஸ்' என்று எழுதினால் இல்லாத பாலத்துக்குச் செய்தியாளரே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும். 'விலை குறையும்' என்று அமைச்சர் சொன்னதை ஆங்கில நாளிதழ்கள் 'வுட்' போட்டு எழுதுவதிலும் இதே எச்சரிக்கை இருக்கிறது. குறையும் என்று சொன்னவர் அமைச்சர்; நாளிதழ் சொல்லவில்லை.

கேள்விகளில் தமிழர்கள் தடுமாறுவதற்கும் 'என்று'தான் காரணம். 'எங்கே போறேன்னு கேட்டார்' என்று சொல்லிப் பழகிய வாய் 'ஹி ஆஸ்க்டு மீ வேர் ஆர் யூ கோயிங்' என்று கேள்வியை அப்படியே ஒட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் இப்போது அது கேள்வியே இல்லை. கேள்வியைப் பற்றிய செய்தி. ஆகவே எழுவாய் முன்னால் வந்து வாக்கியம் நேராகிவிடும்: 'ஹி ஆஸ்க்டு மீ வேர் ஐ வாஸ் கோயிங்.' ஆமா, இல்லையா என்று பதில் கேட்கும் கேள்விகளுக்கு 'இஃப்' அல்லது 'வெதர்' வேண்டும். 'டூ யூ நோ டமில்?' என்று கேட்டதை 'ஹி ஆஸ்க்டு மீ இஃப் ஐ நியூ டமில்' என்று சொல்ல வேண்டும். 'தட் டூ யூ நோ' என்று சேர்ப்பது தமிழ் 'என்று' ஆங்கில உடை மாட்டிக்கொண்டு வந்து நிற்பது. அயர்லாந்து மக்கள் பேசும் ஆங்கிலத்தில் 'ஹி ஆஸ்க்டு மீ வாஸ் ஐ கோயிங்' என்று கேள்வி வரிசையை வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆனால் அவர்களும் 'யூ'வை 'ஐ' ஆக்கி, 'ஆர்' இருந்த இடத்தில் 'வாஸ்' வைத்துவிடுகிறார்கள்.

முதல் வாக்கியத்தில் இன்னொரு தவறும் இருந்தது. 'டோல்ட்' வந்தால் யாரிடம் என்று உடனே சொல்லியாக வேண்டும்: 'ஹி டோல்ட் மீ தட்...' யாரிடம் என்று சொல்ல விருப்பமில்லை என்றால் 'ஹி செட் தட்...' போதும். நமக்கு இரண்டுக்கும் 'சொன்னார்' ஒன்றே என்பதால் 'ஹி டோல்ட் தட்' சரளமாக வந்துவிடுகிறது.

பெயர்ச்சொற்களின் இடத்தில் வரும் 'ஹி', 'ஷி' விஷயத்தில் ஆங்கிலமே திணறும் இடம் ஒன்று உண்டு. 'த ஃபாதர் டோல்ட் ஹிஸ் சன் தட் ஹி ஹாட் வன் த பிரைஸ்.' பரிசு யாருக்கு? தந்தைக்கா, மகனுக்கா? வாக்கியத்தை எத்தனை முறை படித்தாலும் தெரியாது. தமிழில் 'தனக்குப் பரிசு கிடைத்ததாகத் தந்தை மகனிடம் சொன்னார்' என்றால் தந்தைக்குத்தான். ஆங்கிலத்தில் இதற்குத் தனிச் சொல் இல்லை. அதனால் நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் இந்த இடத்தில் அயற்கூற்றைப் பிடித்துத் தொங்குவதில்லை. பேசியதை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டுவிடுகிறார்கள், அல்லது 'மகனுக்கு வாழ்த்துச் சொன்னார்' என்ற மாதிரி வாக்கியத்தையே மாற்றிவிடுகிறார்கள்.

இத்தனை மாற்றங்களையும் ஒரு காலத்தில் நாடாளுமன்றப் பேச்சு முழுவதற்கும் செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களின் பதிவான 'ஹான்சார்ட்' 19-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் அயற்கூற்றில்தான் வந்தது. உறுப்பினர் ஒருவர் எழுந்து 'ஐ வில் ஒப்போஸ் திஸ் பில்' என்று பேசியிருந்தால், அவர் அந்த மசோதாவை எதிர்க்கப் போவதாகச் சொன்னார் என்ற பாங்கில், 'ஹி', 'வுட்' எல்லாம் சேர்ந்து அச்சாகும். நாளிதழ்களில் வந்த செய்திகளையும் அந்தப் பதிவு பெரிதும் நம்பியிருந்தது. 1909-ல் நாடாளுமன்றமே தன் சொந்த நிருபர்களை அமர்த்தி, பேசியதைப் பேசியபடியே பதியத் தொடங்கியது. உறுப்பினர்களின் 'ஐ' அதிலிருந்து 'ஐ' என்றே அச்சேறியது.

நாடாளுமன்றம் கைவிட்ட அந்த நடை இன்றைக்கும் அலுவலகக் கூட்டக் குறிப்புகளில் உயிரோடு இருக்கிறது. 'மினிட்ஸ்' எழுதுபவருக்கு முழு பேக்ஷிஃப்டும் தேவைப்படுகிறது. காரணம் எளிது: அந்தக் குறிப்பை யார், எப்போது எடுத்துப் படிப்பார்கள் என்று எழுதும்போது தெரியாது. ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் படிக்கலாம். 'த சேர்மன் செட் ஹி வில் மீட் த பேங்க் டுமாரோ' என்று எழுதியிருந்தால் அவருக்கு எந்த நாள் என்று தெரியாது, சந்திப்பு நடந்ததா என்றும் தெரியாது. 'வுட் மீட் த பேங்க் த நெக்ஸ்ட் டே' என்றால் கூட்டத் தேதியிலிருந்து எண்ணிக்கொள்வார். தேதியையே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

பள்ளித் தேர்வுத் தாளும் ஒருவகையில் கூட்டக் குறிப்பைப் போலத்தான். 'ஹி செட், ஐ வில் கம் டுமாரோ' என்று கேள்வியில் கொடுத்திருப்பார்கள். யார் திருப்பிச் சொல்கிறார், என்றைக்கு, எங்கிருந்து என்ற விவரம் இருக்காது. விவரம் இல்லாத இடத்தில் வேறொரு நாளில், வேறோர் இடத்தில் இருந்து சொல்வதாக வைத்துக்கொள்வது வழக்கம். அதனால்தான் 'டுமாரோ' எப்போதும் 'த நெக்ஸ்ட் டே' ஆகிறது. தலைமுறை தலைமுறையாக நம் ஊரில் புழங்கும் 'ரென் அண்ட் மார்ட்டின்' வகை இலக்கண நூல்களின் பயிற்சிகள் எல்லாம் இந்த அனுமானத்தின் மேல் நிற்பவை. வியப்பு வாக்கியங்களில் இது இன்னும் விறைப்பாகிவிடுகிறது. வீட்டைப் பார்த்து ஒருவர் 'வாட் எ பியூட்டிஃபுல் ஹவுஸ்!' என்றால், 'ஷி எக்ஸ்க்ளெய்ம்ட் தட் இட் வாஸ் எ வெரி பியூட்டிஃபுல் ஹவுஸ்' என்று எழுதினால்தான் மதிப்பெண். வாயால் அப்படி யாரும் சொல்வதில்லை. 'ஷி லவ்டு த ஹவுஸ்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

எனவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டவணையைக் கரும்பலகையில் எழுதும் முன், திங்கட்கிழமை வந்த ஒரு போன் அழைப்பை அன்றைக்கே, மறுநாள், வியாழக்கிழமை என்று மூன்று முறை மாணவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை: தேர்வில் எல்லாவற்றையும் மாற்றி எழுதுங்கள், மதிப்பெண் அங்கே இருக்கிறது. வெளியே வந்து பேசும்போது 'ஐ', 'யூ' ஆகியவற்றை மட்டும் தவறாமல் மாற்றிவிட்டு, நாளையும் இடத்தையும் வினையையும் அந்த நேரத்து நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.